"ஓய்வு தேவை" என்று எழுதி வாங்காதே

அன்புள்ள கண்ணு,

நீ எழுதி வைத்திருக்கும் விண்ணப்பத்தைப் போனில் அனுப்பியிருந்தாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். உன் தமிழில் குறையில்லை. ஆனால் அதோடு நீ இணைக்கப்போகும் டாக்டர் சீட்டில் "ஓய்வு தேவை" என்று இரண்டே சொல் இருக்கிறது. அந்தச் சீட்டோடு இதைக் கொடுத்தால் உனக்குக் கிடைக்கப்போவது லேசான வேலை இல்லை, விடுப்பு.

எப்படித் தெரியும் என்றால், நானே அப்படிச் செய்திருக்கிறேன். நான் தலைமை ஆசிரியையாக இருந்தபோது ஒரு கணக்கு டீச்சர் ஐந்தாம் மாதத்தில் இதே மாதிரி சீட்டோடு வந்து நின்றார். "ஓய்வு தேவைன்னு டாக்டரே எழுதியிருக்காங்க. அப்புறம் எதுக்கும்மா ஸ்கூலுக்கு வர்றீங்க? லீவு போட்டுட்டு வீட்டுல இருங்க" என்றேன். கரிசனமாகத்தான் சொன்னேன். ஆனால் பள்ளியில் ஏதாவது ஆகிவிட்டால் என் தலையில் விடியுமே என்ற பயமும் உள்ளே இருந்தது. அவர் மறுபேச்சில்லாமல் போய்விட்டார். அப்போது மகப்பேறு விடுப்பு ஒன்பது மாதம். பாதிக்குக் கொஞ்சம் குறைய பிரசவத்துக்கு முன்பே கரைந்துபோனது. பிள்ளைக்கு ஐந்து மாதம் நடக்கும்போதே வேலைக்குத் திரும்பினார். மதிய இடைவேளையில் பால் கட்டிக்கொண்டு ஸ்டாஃப் ரூம் மூலையில் உட்கார்ந்திருந்த அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உன் கணக்கையும் போட்டுப் பார். 2021 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம். அதைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் நம் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம். உனக்கு இப்போது 24 வாரம். இன்றைக்கே விடுப்பில் போனால் 40-வது வாரத்துக்குள் 112 நாள் போய்விடும்; பிள்ளையோடு இருக்க மிஞ்சுவது 253 நாள். அதனால்தான் நீ கேட்கவேண்டியது "ஓய்வு" இல்லை, "இந்த இந்த வேலைகள் மட்டும் வேண்டாம்" என்பது.

அதற்கு முதலில் டாக்டரிடம் திரும்பப் போ. அவர்மேல் தப்பில்லை. டீச்சர் வேலை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துவது என்றுதான் வெளியில் பலரும் நினைக்கிறார்கள். போவதற்கு முன் ஒரு நாள் வேலையை ஒரு தாளில் எழுதிக்கொள். காலைப் பிரேயரில் வெயிலில் கால் மணி நேரம் நிற்பது. எட்டுப் பாடவேளையில் ஆறு, அத்தனையும் நின்றபடி. ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருப்பதால் நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குவது. இடுப்பில் அணைத்துக்கொண்டு போகும் அறுபது நோட்டுக் கட்டு. தேர்வு வந்தால் ஹாலில் இரண்டு, மூன்று மணி நேரம் நடை. அந்தத் தாளை அவர் முன்னால் வைத்து மூன்றே கேள்வி கேள்: வேலைக்குப் போகலாமா? போகலாம் என்றால் இதில் எதையெல்லாம் செய்யக்கூடாது? எந்தத் தேதி வரை? இந்த மூன்றுக்கும் பதில் சீட்டில் வந்துவிட்டால் போதும். உன் பழைய கருச்சிதைவு விவரமெல்லாம் அதில் வரத் தேவையில்லை. அந்தக் காகிதம் உன் தலைமை ஆசிரியர் மேஜையிலிருந்து கிளார்க் கைக்குப் போய், கோப்பில் வருடக்கணக்காகக் கிடக்கும்.

தேதி என்று சொன்னேனே, அதுதான் உன் விஷயத்தில் முக்கியம். உனக்கு நச்சுக்கொடி கீழே, கருப்பை வாயை ஒட்டி இருக்கிறது. ஒரு முறை வலியே இல்லாமல் ரத்தம் பட்டு, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருக்கிறாய். ஆனால் இந்த வாரங்களில் கீழே தெரியும் நச்சுக்கொடி பலருக்கு மாதம் ஏற ஏற மேலே போய்விடும். உண்மையில் அது நகர்வதில்லை. கருப்பையின் கீழ்ப்பாகம் நீண்டு வளர, வாய்க்கும் கொடிக்கும் இடைவெளி கூடுகிறது. அதனால்தான் 32-வது வாரத்தில் மறுபடி ஸ்கேன் சொல்லியிருக்கிறார்கள். ஆக, நீ கேட்கும் சலுகை பிரசவம் வரைக்கும் இல்லை, எட்டு வாரத்துக்கு. ஒரு தலைமை ஆசிரியருக்கு "இனிமேல்" என்ற சொல் எவ்வளவு பயம் தருமோ, "எட்டு வாரம்" அவ்வளவு நிம்மதி தரும். டைம்டேபிளைப் போட்டுக் கிழித்துப் போட்டவள் சொல்கிறேன்.

படி ஏறினால்தான் ரத்தம் வரும் என்று கடிதத்தில் வாதாடாதே. தூங்கும்போதுகூட வரலாம். படுத்தே கிடந்தால் வராது என்பதற்கும் ஆதாரமில்லை. சும்மா படுத்திருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து தனியாக உண்டு. உன் பக்கத்து நியாயம் வேறு. உடம்பை வருத்தும் வேலையைக் குறைக்க டாக்டர் சொல்லியிருக்கிறார். ரத்தம் வந்தால் நீ தனியாக மாடியில் மாட்டிக்கொள்ளாமல், கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கும் இடத்தில் இருக்கவேண்டும். இந்த இரண்டும் போதும்.

சட்டத்தைக் காட்டலாமா என்று கேட்டிருந்தாய். 1961-ஆம் வருட மகப்பேறு நலச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது: கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ அவருக்குத் தரக்கூடாது. ஆனால் அது பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் அதற்கு முன் ஒரு மாதத்துக்கும்தான். வாரக் கணக்கில் ஏறக்குறைய முப்பதிலிருந்து. நீ இருப்பது இருபத்து நாலில். தவிர, அரசுப் பள்ளியில் உன்னை ஆள்வது பணிவிதிகள். பிரிவு எண் போட்டு மிரட்டினால் தலைமை ஆசிரியர் எண்ணிப் பார்த்து, "இன்னும் ஆறு வாரம் இருக்கேம்மா" என்பார். அந்த வாய்ப்பை நீயே எடுத்துக் கொடுக்காதே. டாக்டர் சீட்டே உன் பலம்.

அடுத்தது, அவர் கையில் எது இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துக்கொள். பாடவேளை, வகுப்பறை, பிரேயர், இடைவேளை மேற்பார்வை, பதிலி வகுப்பு எல்லாம் அவர் கையில். தேர்தல் பணியும் பொதுத்தேர்வுப் பணியும் அவர் கையில் இல்லை. தேர்தல் ஆணை வந்தால் மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு, அதாவது கலெக்டருக்கு, இதே சான்றை வைத்துத் தனி மனு போடவேண்டும், தலைமை ஆசிரியர் வழியாக. உன் வரைவில் எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கேட்டிருக்கிறாய். முடியாத ஒன்றைக் காட்டி முடிகிற ஐந்தையும் தள்ளிவைப்பது அலுவலகத்தில் சர்வசாதாரணம்.

"ஏதேனும் இலகுவான பணி வழங்கிக் கருணை காட்டுமாறு" என்ற வரியை அடித்துவிட்டேன். எது இலகு என்று அவரை யோசிக்க விட்டால் மூன்று பேர் வேலையான எமிஸ் பதிவேற்றத்தை உன் தலையில் கட்டி, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைப்பார். அதுவும் உனக்கு ஆகாது. நான் மாற்றி எழுதியது இது. மேலே அனுப்புநர், பெறுநர் நீ போட்டது சரி.

"பொருள்: மருத்துவ ஆலோசனைப்படி பணிகளில் தற்காலிக மாற்றம் கோருதல் – சார்பு.

பார்வை: மகப்பேறு மருத்துவரின் சான்று (இணைப்பு).

ஐயா,

நான் தற்போது 24 வாரக் கர்ப்பிணி. பார்வையில் காணும் சான்றின்படி என் கர்ப்பம் அதிக ஆபத்துள்ளது என்றும், கீழ்க்காணும் கட்டுப்பாடுகளுடன் நான் பணிக்கு வரலாம் என்றும் மருத்துவர் தெரிவித்துள்ளார். 32-வது வாரத்தில் மறு ஸ்கேன் செய்யப்பட உள்ளது. அதுவரை எட்டு வார காலத்துக்குப் பின்வரும் மாற்றங்களைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மாடியில் உள்ள ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவைத் தரைத்தள அறைக்கு மாற்றவோ, அப்பாடவேளைகளைத் தரைத்தள வகுப்புடன் மாற்றிக்கொள்ளவோ வேண்டுகிறேன். சக அறிவியல் ஆசிரியை பாடவேளை மாற்றத்துக்குச் சம்மதித்துள்ளார். காலை வழிபாட்டில் நிற்பது, மைதான மேற்பார்வை, பதிலி வகுப்பு, பள்ளித் தேர்வறைக் கண்காணிப்பு ஆகியவற்றிலிருந்து விலக்குக் கோருகிறேன். வகுப்பில் அமர்ந்து பாடம் நடத்த அனுமதி வேண்டுகிறேன். ஈடாக, எட்டு மற்றும் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் வினாத்தாள் தயாரிப்பையும் மதிப்பெண் பதிவையும் செய்து தருகிறேன்.

திடீரென இரத்தப்போக்கு ஏற்பட்டால் முன்அனுமதி பெற இயலாமல் உடனே மருத்துவமனை செல்ல நேரிடும். அவ்வேளையில் என் வகுப்பைக் கவனிக்க ஓர் ஆசிரியரை நியமிக்குமாறும் வேண்டுகிறேன். ஸ்கேன் முடிவு வந்ததும் புதிய சான்றுடன் தங்களுக்குத் தெரிவிப்பேன்."

அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அவர் ஆண் என்று "இரத்தப்போக்கு" என்ற சொல்லை எழுதக் கூசாதே. "உடல்நலக் குறைவு" என்று பூசி மெழுகினால், அந்த நாள் வரும்போது தலைவலி மாத்திரை வாங்கிவரச் சொல்லிப் பையனை அனுப்புவார்கள்.

சக ஆசிரியையின் சம்மதத்தைக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடு. இது இல்லாமல் போன கடிதங்கள் என் மேஜையில் பத்து நாள் கிடந்திருக்கின்றன. மனமில்லாமல் இல்லை, அந்தப் பாடவேளையை யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல். உன் சுமை இறங்கினால் அது இன்னொருத்தி தோளில் ஏறுகிறது என்பதையும் மறக்காதே. அவளிடம் நேரில் போய்ப் பேசு, அவள் வினாத்தாள் வேலையையோ பேப்பர் கட்டையோ நீ வாங்கிக்கொள்.

இரண்டு பிரதி எடு. ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கு. கேட்கக் கூச்சமாக இருந்தால், தபால் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி அந்த எண்ணைக் குறித்துக்கொள். வாய்மொழியாக "சரிம்மா, பார்த்துக்கலாம்" என்று சொல்கிறவர் நல்லவராகவே இருக்கலாம். அடுத்த மாதம் அவர் மாற்றலாகிப் போய்விட்டால், வருகிறவருக்கு அந்தச் சொல் கேட்காது.

ஒரு வாரத்தில் டைம்டேபிள் மாறவில்லை என்றால் சண்டைக்குப் போகாமல், முந்தைய கடிதத்தின் தேதியைப் போட்டு இரண்டே வரி நினைவூட்டு எழுது. முழுதும் மறுத்துவிட்டால், அப்போது விடுப்பைப் பற்றிப் பேசுவோம். அதுவரை மாடி வகுப்புக்கு உன் டாக்டர் சொன்னபடி போகாதே, வகுப்பைக் கீழே மரத்தடிக்கு வரவழை. பிள்ளைகளுக்கும் அது கொண்டாட்டம்.

கைப்பையில் ஸ்கேன் ரிப்போர்ட் நகலும் ரத்தப் பிரிவு எழுதிய அட்டையும் எப்போதும் இருக்கட்டும். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலிக்காரியிடம் மாப்பிள்ளை நம்பரும் என் நம்பரும் கொடுத்து வை. ரத்தம் பட்டால், கொஞ்சமோ நிறையவோ, பாத்ரூமில் நின்று அளவு பார்த்துக்கொண்டிராமல் 108-ஐக் கூப்பிடு. பஸ்ஸும் வேண்டாம், யாருடைய ஸ்கூட்டியும் வேண்டாம்.

டாக்டரிடம் போய்ப் புதுச் சீட்டு வாங்கியதும் அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. தேதி போட்டிருக்கிறாரா என்று முதலில் பார்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா