'கூடாது' இல்லாத பலகை

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு விதிமுறைப் பலகை தொங்கியது. ஒன்பது வரி, ஒன்பதும் 'கூடாது' என்றே முடிந்தன. உள்ளே நுழைகிறவர் எதையோ திருட வந்தவர் போல அது பேசியது. வாசகர் வட்டக் கூட்டத்தில் அதை மாற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் தடவை நான் எழுதியது பார்க்க அழகாக இருந்தது. "நூல்களைக் கண்ணெனக் காப்போம்" என்று ஒரு வரி. இரண்டே வாரத்தில் ஒரு பொது அறிவு நூலில் பக்கம் பக்கமாகப் பென்சில் கோடு. கோடு போட்ட தம்பியைக் கேட்டால், "பேனாவுல போட்டாத்தானே சார் புக் கெட்டுப்போகும்?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பழைய பலகையில் 'கிறுக்கக் கூடாது' என்று இருந்தது. என் பலகையில் அந்த விதியே இல்லை. மரியாதையைச் சேர்க்கப் போய் விதியைத் தொலைத்திருந்தேன். இந்த வேலையில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

முதலில் பழைய பலகையை ஒரு தாளில் பார்த்து எழுதி, விதிகளுக்கு எண் போடுங்கள். வரிகளுக்கு அல்ல, விதிகளுக்கு. 'நூல்களில் கிறுக்கவோ, பக்கங்களைக் கிழிக்கவோ, மடக்கவோ கூடாது' என்பது ஒரு வரிதான், விதி மூன்று. எங்கள் ஒன்பது வரிகளில் பதின்மூன்று விதிகள் இருந்தன. அந்தப் பதின்மூன்றைக் கடைசி வரை கையில் வைத்திருங்கள்.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'அதற்குப் பதிலாக வாசகர் என்ன செய்ய வேண்டும்?' என்று எழுதுங்கள். இதை வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாது. நூலகரைக் கேட்க வேண்டும். 'எடுத்த நூலை அலமாரியில் வைக்கக் கூடாது' என்ற விதி எனக்கு வெறும் அதிகாரமாகத் தெரிந்தது. நூலகர் விளக்கினார்: இடம் மாறி வைக்கப்பட்ட நூல் தொலைந்த நூல்தான், பட்டியலில் இருக்கும், தேடினால் கிடைக்காது. ஆகவே புதிய வரி இப்படி வந்தது: "படித்த நூலை மேசையிலேயே விட்டுச் செல்லுங்கள். உரிய இடத்தில் நாங்கள் அடுக்கிக்கொள்கிறோம்." விதி அப்படியே இருக்கிறது, ஆனால் கேட்கிறவருக்கு அது உபசாரமாகப் படுகிறது.

இனி வினைமுற்று. தமிழில் ஒரு விதி நிற்பதும் விழுவதும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான். 'காப்போம்', 'பேணுவோம்' போன்ற 'ஓம்' முடிவுகளை நான் பலகையில் அனுமதிப்பதே இல்லை. அது மேடைப் பேச்சு. எல்லோரையும் சேர்த்துச் சொல்வதால் யாரையும் கட்டாது. 'அமைதி காக்கவும்' என்ற 'அவும்' கட்டும். ஆனால் அலுவலகச் சுற்றறிக்கையின் வாசம் வரும். 'உங்கள்' என்று முடிகிற 'செய்யுங்கள்', 'வாருங்கள்' போதும். அதிலேயே மரியாதை இருக்கிறது. மேலே வேறு 'தயவுசெய்து' வேண்டாம். வரிக்கு வரி தயவுசெய்து போட்டால் கெஞ்சுவது போல ஆகிவிடும்.

உண்மையான ஆபத்து 'லாம்'. 'செல்போன் ஒலிக்கவோ பேசவோ கூடாது' என்பதை, "செல்போனில் பேச வராந்தாவுக்குச் செல்லலாம்" என்று நண்பர் ஒருவர் மாற்றினார். இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் செல்லலாம் என்றால் செல்லாமலும் இருக்கலாம். போதாததற்கு, 'ஒலிக்க' என்ற பாதியும் காணோம். நாங்கள் வைத்தது: "உள்ளே வரும்போதே செல்போனை சைலண்டில் போடுங்கள். அழைப்பு வந்தால் வராந்தாவுக்குப் போய்ப் பேசுங்கள்."

'லாம்' தவிர்க்க முடியாத இடங்களில் 'மட்டும்' அல்லது ஏகாரம் கைகொடுக்கும். 'குறிப்புதவி நூல்களை இரவல் கேட்கக் கூடாது' என்பதை, "குறிப்புதவி நூல்களை இங்கே படிக்கலாம்" என்றால் வீட்டுக்கும் கேட்பார்கள். "குறிப்புதவி நூல்களை இங்கே மட்டும் படிக்கலாம், எல்லா வாசகருக்கும் எந்நேரமும் கிடைப்பதற்காக" என்றால் கதவு சாத்தியாயிற்று. அந்த ஒரு 'மட்டும்' பழைய 'கூடாது'வின் வேலையைச் செய்துவிடுகிறது.

கிறுக்கல், கிழித்தல், மடக்கல் மூன்றுக்கும் மூன்று மாற்று வேண்டும். "குறிப்புகளை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நூலின் பக்கங்கள் கோடின்றி, முழுமையாக அடுத்தவர் கைக்குப் போகட்டும். நிறுத்திய இடத்துக்கு அடையாளத் துண்டு மேசையில் இருக்கிறது." துண்டு நிஜமாகவே இருக்க வேண்டும். பழைய நாள்காட்டித் தாள்களை வெட்டி ஒரு டப்பாவில் போட்டுவைத்தோம்.

விதியை இறுக்கிவிடாமலும் பார்க்க வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையில் நாற்காலியில் நோட்டை வைத்துவிட்டு மதியம் வரை காணாமல் போவார்கள். அதனால் வந்தது 'இடம் பிடிக்கக் கூடாது'. "எழுந்தால் உங்கள் பொருள்களை எடுத்துச் செல்லுங்கள்" என்று முதலில் எழுதினேன். அப்படியென்றால் தண்ணீர் குடிக்கப் போகிறவரும் மூட்டை கட்ட வேண்டும். பழைய பலகை அதைக் கேட்கவில்லை. "நூலகத்தை விட்டு வெளியே போகும்போது உங்கள் நோட்டையும் பொருள்களையும் எடுத்துச் செல்லுங்கள், நாற்காலி அடுத்து வருபவருக்கு" என்று திருத்திய பிறகுதான் சரியாக வந்தது.

அபராத வரியில் வார்த்தையை மென்மையாக்கலாம், பணத்தை மறைக்கக் கூடாது. "15 நாளுக்குள் நூலைத் திருப்பித் தாருங்கள். இன்னும் தேவையென்றால் நாள் முடியுமுன் வந்து புதுப்பித்துக்கொள்ளலாம். பிந்தினால் தாமதக் கட்டணம் உண்டு" என்று எழுதி, பழைய பலகையில் இருந்த தொகையை அப்படியே பக்கத்தில் போடுங்கள். இங்கே 'லாம்' சரி. புதுப்பிப்பது உண்மையிலேயே அவர் விருப்பம். நாள் கணக்கையும் தொகையையும் எழுத்தில் எழுதாமல் எண்ணில் எழுதுங்கள், கண்ணில் படும்.

ஒரே ஒரு வரியைத் தொட வேண்டாம்: புகைபிடித்தல். 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம் நூலகத்தையும் பொது இடமாகக் கணக்கில் கொள்கிறது. அதன் கீழ் வந்த 2008 விதிகள் அறிவிப்பின் வாசகத்தையும், குறைந்தது 60-க்கு 30 சென்டிமீட்டர் என்ற அளவையும் சொல்கின்றன. அதை உங்கள் பலகையிலிருந்து பிரித்துத் தனியாக, சட்டம் சொன்ன சொற்களிலேயே மாட்டிவிடுங்கள். அதைப் போய் இனிமையாக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

எழுதி முடித்ததும் சோதனை. பழைய பலகையைப் பார்த்திராத ஒருவரிடம் புதியதைக் கொடுத்து, 'இங்கே என்னென்ன செய்யக் கூடாது?' என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, எண் போட்ட தாளில் டிக் அடியுங்கள். எங்களிடம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பதின்மூன்றில் பதினொன்றைச் சொன்னாள். ஒன்று புகை, அது தனிப் பலகைக்குப் போயிருந்தது. விடுபட்ட இன்னொன்று பை. "உங்கள் பையை வாசல் அலமாரியில் வைத்து டோக்கன் பெறலாம்" என்று இருந்ததைக் காட்டி, "வேணும்னா வைக்கலாம்னுதானே அங்கிள் போட்டிருக்கு?" என்றாள். மறுபடியும் அந்த 'லாம்'. அவ்வளவு திட்டிவிட்டு நானே எழுதியிருந்தேன். "வைத்து டோக்கன் பெற்று உள்ளே வாருங்கள்" என்று மாற்றினோம்.

புதியதை மாட்டும் அன்றே பழையதைக் கழற்றிவிடுங்கள். எங்கள் நூலகத்தில் ஆணி துருப்பிடித்து இறுகிப்போனதால் ஒரு வாரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. வந்தவர்கள் எல்லாம் பழையதைத்தான் நின்று படித்தார்கள்.