பதிவு பெறாத ஏலச்சீட்டு: முறிவது எங்கே?

ஏலச்சீட்டு நம் நாட்டிற்குப் புதிதன்று. ஊரில் நால்வர் கூடி, ஒருவரை நடுவே நிறுத்தி, மாதந்தோறும் பணம் போட்டு எடுத்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. நடத்துபவர் நல்லவராக இருந்தும் சில சீட்டுகள் இடையிலே முறிந்துவிடுகின்றனவே, அஃது ஏன் என்பதை ஒரு கணக்கின் வழியே காண்போம்.

இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், மொத்தச் சீட்டு ஒரு இலட்சம் என்று கொள்வோம். முதற்சீட்டை நடத்துபவரே தள்ளின்றி எடுத்துக்கொள்கிறார். இரண்டாம் மாதம் பண நெருக்கடியில் உள்ள ஒருவர் 30,000 ரூபாய் தள்ளி ஏலம் எடுக்கிறார். அவருக்கு 70,000 கிடைக்கும். தள்ளிய தொகையில் நடத்துபவரின் கழிவு 5,000 போக மீதி 25,000 ரூபாய் இருபது பேருக்கும் கசராகப் பிரிகிறது. ஆளுக்கு 1,250 குறைந்து, அம்மாதம் ஒவ்வொருவரும் 3,750 ரூபாய் கட்டினால் போதும். கணக்கு சரியாகவே உள்ளது.

இடர் எங்கே பிறக்கிறது? முன்னரே எடுத்தவர் உண்மையில் கடன்காரர். இறுதிவரை காத்திருப்பவர் கடன் கொடுத்தவர். எடுத்தவர் எஞ்சிய தவணைகளைக் கட்டுவார் என்பதற்கு ஈடு என்ன? 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி, எடுப்பவர் போதிய ஈடு கொடுத்த பின்னரே தொகையைப் பெறவேண்டும். பதிவு பெறாத இடங்களிலோ, “தெரிந்த மனிதர்தாமே” என்ற தாட்சணியமே பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது.

பத்து மாதங்கள் கழிந்தன என்று வைத்துக்கொள்வோம். எடுத்தவர்களில் ஐவர் தவணையை நிறுத்திவிட்டார்கள். பதினோராம் மாதம் ஒருவர் 20,000 தள்ளி எடுக்கிறார். அவருக்கு 80,000 தரவேண்டும். ஒவ்வொருவரும் கட்டவேண்டியது 4,250. ஆனால் நடத்துபவர் உட்படப் பதினைவரிடமிருந்தே பணம் வரும். அது 63,750 ரூபாய். தம் கழிவு முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் 16,250 ரூபாய் துண்டு விழுகிறது. மறுமாதமும் அப்படியே.

இந்நிலையில் அவர் வெளியே சொல்லுவதில்லை. சொன்னால் மற்றவர்களும் நிறுத்திவிடுவர். ஆகவே இரண்டாவது சீட்டு ஒன்று தொடங்குகிறார். அதன் முதற்சீட்டு ஒரு இலட்சம் அவர் கைக்கு வருகிறது. ஏறத்தாழ ஆறு மாதத் துண்டு அடைபடுகிறது. ஆனால் புதுச்சீட்டிலும் அவர் இனிப் பத்தொன்பது தவணை கட்டவேண்டும். அங்கும் சிலர் நிறுத்துவர். எனவே மூன்றாவது சீட்டு. புதிய ஆள் சேராத மாதத்தில் எல்லாம் ஒருங்கே சரிகின்றன. முதற்சீட்டில் பதினாறு மாதங்கள் கட்டி இன்னும் எடுக்காதிருப்பவர் ஏறக்குறைய 65,000 ரூபாயை இழந்து நிற்பார். அவசரமின்றிச் சேமித்தவரே அடிபடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். நடத்துபவர் தொடக்கத்திலேயே ஏமாற்ற நினைத்திருந்தால் இத்தனை மாதங்கள்கூட ஆகா.

ஒரு சீட்டு அடைபட்டுக்கொண்டிருக்கிறது என்பதை அறியும் குறி ஒன்று உண்டு. ஏலம் எடுத்தவருக்குப் பணம் பிந்துகிறது. “அடுத்த வாரம்” என்கிறார்கள். அதே வேளையில் புதுச்சீட்டில் சேரும்படி வற்புறுத்துகிறார்கள். இவ்விரண்டும் ஒன்றாக வந்தால் ஐயுறுதல் தகும்.

இனி, சேருமுன் பார்க்கவேண்டியது. “எங்கள் கம்பெனி பதிவானது” என்ற சொல்லை நம்பிப் பலர் ஏமாறுகின்றனர். நிறுவனத்தைப் பதிவு செய்வது வேறு; சீட்டைப் பதிவு செய்வது வேறு. ஒவ்வொரு சீட்டுக் குழுவுக்கும் அரசின் முன் அனுமதி தனியே பெறவேண்டும். உறுப்பினர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும். எல்லா இடங்களும் நிரம்பியபின் அவர் தொடக்கச் சான்றிதழ் தருவார். அதற்குமுன் ஏலம் நடத்தக்கூடாது. ஆதலின் கேட்கவேண்டிய கேள்வி, “நான் சேரும் இந்தக் குழுவின் எண் என்ன?” என்பதே. தமிழகத்தில் அந்த எண்ணைப் பதிவுத்துறை அலுவலகத்தில் காட்டி நேரில் விசாரிக்கலாம். ஒப்பந்தப் படி ஒன்று உறுப்பினருக்குக் கட்டாயம் தரப்படவேண்டும். தர மறுத்தாலோ, வெறும் அட்டை ஒன்றை நீட்டினாலோ விலகிவிடலாம்.

கழிவையும் பார்க்கவேண்டும். முன்பு 5 விழுக்காடாக இருந்த உச்சவரம்பு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 7 ஆயிற்று. அதற்கு மேல் கேட்பது சட்டத்துக்குப் புறம்பு. மேலும், மாதம் இத்தனை வட்டி நிச்சயம் என்று சொன்னால் அது சீட்டே அன்று. சீட்டில் ஆதாயம் ஏலத்தைப் பொறுத்தது. 2013இல் வங்காளத்தில் வீழ்ந்த சாரதா நிறுவனத்தைச் செய்தித்தாள்கள் சீட்டு நிறுவனம் என்றே எழுதின. உண்மையில் அது பொதுமக்களிடம் முதலீடு திரட்டிய திட்டமே.

பதிவு பெற்றுவிட்டால் பணம் முழுவதும் காப்பாகிவிடும் என்றும் எண்ணலாகாது. நடத்துபவர் பதிவாளர் பொறுப்பில் வைக்கும் ஈடு ஒரு சீட்டுத் தொகைக்கு நிகரானதுதான். மேற்கண்ட கணக்கில் அஃது ஒரு இலட்சம். காத்திருப்போர் பலராயின் போதாது. ஆயினும் வழக்கெழுந்தால் பதிவாளர் முன் நடுவர் தீர்ப்புக் கோரலாம். பதிவில்லாச் சீட்டில் அவ்வழி கிட்டுவதரிது, காவல்துறையிடமே போகவேண்டும். அப்போது கையில் இருக்கும் ரசீதுகளே சான்று. ஒவ்வொரு தவணைக்கும் கையெழுத்திட்ட ரசீது கேட்டு வாங்கிவைக்க வேண்டும்.