மண்டியில் பங்குதாரர் இறந்தால்: வாரிசுகளுக்கு எந்த வழி?

திருக்கோவிலூரில் மூவர் சம முதல் போட்டு, சம பங்கில் மல்லாட்டை மண்டி நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் இறந்துவிடுகிறார். மனைவியும் பிள்ளைகளும் என்ன கேட்கலாம்?

முதலில் கூட்டுப் பத்திரத்தைப் பாருங்கள். 1932-ம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42-வது பிரிவுப்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் ஒருவர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். ‘இறந்தாலும் தொழில் தொடரும்’ என்று எழுதியிருந்தால் மற்ற இருவரும் நடத்தலாம். இருவர் மட்டுமே இருந்த நிறுவனத்தில் அந்த வரி உதவாது. மிஞ்சிய ஒருவர் தனியாகக் கூட்டு நடத்த முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1965-லேயே சொல்லிவிட்டது.

முதல் வழி, கணக்கை முடித்துப் பங்கை வாங்கிக்கொள்வது. பெரும்பாலும் முதல் கணக்கில் நிற்கும் தொகையைத்தான் நீட்டுவார்கள். அது 5 லட்சமாக இருக்கலாம். ஆனால் கிடங்கு என்றோ வாங்கிய விலையில்தான் ஏட்டில் இருக்கும். பத்திரம் வேறு முறை சொல்லாதவரை, இறந்த நாளில் சொத்து, சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றின் உண்மை மதிப்பைக் கூட்டிக் கடனைக் கழிக்க வேண்டும். மிச்சம் 36 லட்சம் என்றால் வாரிசுகளுக்கு 12 லட்சம். ‘முழுவதும் பெற்றுக்கொண்டோம்’ என்று அதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாவது, வாரிசுகளில் ஒருவர் பங்குதாரராகச் சேர்வது. இதற்கு மற்றவர்களின் சம்மதம் வேண்டும். சேரச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் முடியாது. சேர்ந்த பிறகு மண்டி வாங்கும் கடனுக்குச் சொந்த வீடும் பொறுப்பாகும். தினமும் மண்டியில் உட்கார ஆள் இல்லாத வீட்டுக்கு இது ஒத்துவராது. சேராவிட்டால், இறப்புக்குப் பின் மற்றவர்கள் வாங்கும் கடன் இறந்தவரின் சொத்தைத் தொடாது.

மூன்றாவது பலருக்கும் தெரியாதது. கணக்கை முடிக்காமலே மற்ற இருவரும் அதே சொத்தை வைத்து வியாபாரம் செய்தால், பத்திரம் தடுக்காதவரை 37-வது பிரிவு வாரிசுகளுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தருகிறது: தங்கள் பங்கால் விளைந்த லாபம், அல்லது பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. 12 லட்சத்துக்கு வட்டி 72,000 ரூபாய். மண்டியின் லாபம் 9 லட்சம், நடத்துபவர்களின் உழைப்புக்கு 3 லட்சம் கழிகிறது என்றால், மிச்சத்தில் மூன்றில் ஒன்று 2 லட்சம். அப்போது லாபத்தைக் கேளுங்கள். விலை விழுந்து லாபமே இல்லையென்றால் வட்டி. ஏடுகளைப் பார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள்.

என் கணிப்பில், நடத்த ஆள் இல்லாத குடும்பத்துக்கு முதல் வழியே நல்லது. இழுத்தடித்தால் மூன்றாவதைக் கையில் எடுக்கலாம். நிறுவனம் பதிவாகவில்லை என்று சொல்லி மிரட்டினால் அஞ்ச வேண்டாம். கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்டு வழக்குப் போட அது தடையில்லை. ஆனால் அந்த வழக்கைக் கலைந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும்.