முக்கோணியின் உள்வட்டமும் அதன் ஆரையும்

எமது அயலில் மரவேலை செய்யும் முதியவர் ஒருவர் சில காலத்திற்கு முன்னர் முக்கோண வடிவான பலகைத் துண்டொன்றுடன் என்னிடம் வந்தார். அதன் பக்கங்கள் முறையே 13, 14, 15 அங்குலம். 8 அங்குல விட்டமுடைய வட்ட மூடியொன்றை அத்துண்டிலிருந்து வெட்டியெடுக்க அவர் விரும்பினார். பலகையை ஆணி முனையொன்றிலே தாங்கி, அது சரியாமல் நிற்கும் புள்ளியை நடுவெனக் குறித்துக்கொண்டு, கவராயத்தால் 4 அங்குல ஆரையில் வட்டமும் வரைந்திருந்தார். வட்டம் 14 அங்குலப் பக்கத்தைச் செவ்வையாகத் தொட்டது. ஆயின் 15 அங்குலப் பக்கத்திலே கால் அங்குலத்துக்குச் சற்று மேலாக வெளியே சென்றது. "மாஸ்ரர், பலகை காணாதோ, அல்லது நான் நடுவைப் பிழையாக எடுத்தேனோ?" என்று கேட்டார்.

அவர் கேட்டவை இரண்டு வினாக்கள். முக்கோணியொன்றினுள் அமையக்கூடிய மிகப் பெரிய வட்டத்தின் ஆரை யாது என்பது ஒன்று. அதன் மையம் எங்கே உளது என்பது மற்றையது. இரண்டிற்கும் விடை பரப்பிலிருந்தே கிடைக்கின்றது.

முக்கோணியின் உச்சிகளை க, ச, த எனக் கொள்வோம். ச, த என்னும் இரு உச்சிகளிலுமுள்ள கோணங்களை இருகூறாக்கும் கோடுகள் ஒரு புள்ளியிற் சந்திக்கும். அதனை ம என்க. கோண இருகூறாக்கியிலுள்ள எப்புள்ளியும் அக்கோணத்தின் இரு புயங்களிலிருந்தும் சம தூரத்தில் இருக்குமாதலால், ம ஆனது மூன்று பக்கங்களிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும். எனவே மூன்றாவது இருகூறாக்கியும் அதன் வழியே செல்லும். இப்பொதுத் தூரமே உள்வட்டத்தின் ஆரை. இனி, ம இலிருந்து மூன்று உச்சிகளுக்கும் கோடுகள் இழுத்தால் பெரிய முக்கோணி மூன்று சிறு முக்கோணிகளாகப் பிரியும். அவை ஒவ்வொன்றினதும் அடி பெரிய முக்கோணியின் ஒரு பக்கம். குத்துயரமோ மூன்றிற்கும் ஒன்றே, அஃதாவது ஆரை. முக்கோணியின் பரப்பு அடியினதும் குத்துயரத்தினதும் பெருக்கத்திற் பாதியாதலின், மூன்றையும் கூட்ட,

பரப்பு = ½ × ஆரை × (மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை)

என்றாகும். சுற்றளவின் பாதியை அரைச் சுற்றளவு என்று வழங்கினால்,

ஆரை = பரப்பு ÷ அரைச் சுற்றளவு.

நிறுவல் இவ்வளவே. ஆயினும் இங்கே வரும் "அரை" எங்கிருந்து வந்தது என்பதை மாணவர் பலர் கண்ணாற் காண்பதில்லை. அதனாலேயே பரீட்சையிலே பரப்பை முழுச் சுற்றளவால் வகுத்து, ஆரையின் பாதியைப் பெற்றுக்கொண்டு செல்கின்றனர். அந்த அரையைக் கத்தரிக்கோலாற் காட்டும் வழியொன்று மிகப் பழையது. சீனத்து "ஒன்பது அதிகாரங்கள்" என்னும் கணித நூலிலே, செங்கோணத்தை அடுத்த பக்கங்கள் 8 அடியெட்டும் 15 அடியெட்டுமாகவுள்ள செங்கோண முக்கோணியினுள் அமையும் வட்டத்தின் விட்டம் கேட்கப்படுகின்றது. விடை 6. கி. பி. 263 இல் அந்நூலுக்கு உரை செய்த லியூ ஹுயி என்பார், உருவைச் சிறு தாளில் வரைந்து, வெட்டி, துண்டுகளை இடம் மாற்றி அடுக்கிப் பார்க்குமாறு கூறுகின்றார். இத்தகைய நான்கு முக்கோணிகளின் துண்டுகளைக் கொண்டு, விட்டத்தை அகலமாகவும் மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகையை நீளமாகவும் உடைய செவ்வகம் ஒன்றை அவர் அமைக்கின்றார். நமக்கு ஒரு முக்கோணியே போதும்.

அம்முக்கோணியின் செம்பக்கம் 17, பரப்பு 60, அரைச் சுற்றளவு 20, ஆகவே ஆரை 3. இப்பொழுது ம இலிருந்து மூன்று பக்கங்களுக்கும் செங்குத்துகளும், மூன்று உச்சிகளுக்கும் கோடுகளும் வரைந்து, எல்லாவற்றின் வழியேயும் வெட்டுக. ஆறு சிறு செங்கோண முக்கோணிகள் கிடைக்கும். ஒவ்வோர் உச்சியையும் அடுத்துள்ள இரண்டும் ஒன்றோடொன்று ஒருங்கிசைவன. ஏனெனில் ஓர் உச்சியிலிருந்து வட்டத்துக்கு வரையப்படும் இரு தொடலிகளும் நீளத்திற் சமமானவை. அவ்விரண்டில் ஒன்றைப் புரட்டிப்போட்டு, நீண்ட பக்கங்கள் பொருந்துமாறு மற்றையதனோடு சேர்த்தால் ஒரு செவ்வகம் உண்டாகும். அதன் ஒரு பக்கம் ஆரை. மற்றையது அவ்வுச்சியிலிருந்து தொடுபுள்ளி வரையுள்ள நீளம். நமது முக்கோணியில் இந்நீளங்கள் 3, 5, 12. மூன்று செவ்வகங்களையும் வரிசையாக வைத்தால் அகலம் 3 உம் நீளம் 20 உம் உடைய ஒரே செவ்வகமாகும்; பரப்பு 60. (ஒரு புறம் மட்டும் நிறமுள்ள தாளைக் கொண்டு செய்வோர், புரட்டப்பட்ட துண்டுகள் வெள்ளையாகத் தெரிவதைக் கண்டு திகைக்க வேண்டா.) சுற்றளவிலே ஒவ்வொரு தொடலி நீளமும் இருமுறை வருகின்றது, செவ்வகத்திலோ ஒருமுறையே வருகின்றது. அரை பிறந்த இடம் இதுவே.

இவ்வெட்டு வேலையால் மற்றொரு பயனும் உண்டு. மூன்று தொடலி நீளங்களும் சேர்ந்து அரைச் சுற்றளவாகின்றன. அவற்றுள் இரண்டு சேர்ந்து ஒரு பக்கமாகின்றன. ஆகவே ஓர் உச்சியிலிருந்து தொடுபுள்ளிக்குள்ள தூரம், அரைச் சுற்றளவிலிருந்து அவ்வுச்சிக்கு எதிரேயுள்ள பக்கத்தைக் கழிக்க வருவதாகும். மையத்தைக் குறிப்பதற்குக் கோணமானி வேண்டியதில்லை. அளவுகோலும் மூலைமட்டமும் போதும்.

இனிப் பலகைக்கு வருவோம். கச = 13, சத = 14, தக = 15 என்க. க இலிருந்து சத இற்கு இறக்கிய செங்குத்து 12 அங்குலம். அது சத ஐ 5 ஆகவும் 9 ஆகவும் பிரிக்கும். (5, 12, 13 உம் 9, 12, 15 உம் செங்கோண முக்கோணிகளின் பக்கங்கள் என்பதை நோக்குக.) எனவே பரப்பு 84 சதுர அங்குலம். அரைச் சுற்றளவு 21. ஆரை 84 ÷ 21 = 4 அங்குலம். ஆகவே பலகை காணும், ஆனால் மயிரளவும் மிஞ்சாது. ச இலிருந்து தொடுபுள்ளிக்குள்ள தூரம் 21 − 15 = 6. சத என்னும் பக்கத்திலே ச இலிருந்து 6 அங்குலத்திற் குறியிட்டு, அங்கிருந்து மூலைமட்டத்தால் 4 அங்குலம் உயர்த்திய புள்ளியே மையம்.

அதே பக்கத்தில் செங்குத்தின் அடி 5 அங்குலத்திலும், தொடுபுள்ளி 6 அங்குலத்திலும், நடுப்புள்ளி 7 அங்குலத்திலும் இருப்பதைக் கவனிக்க. மூன்றும் வேறு வேறு. கைப்பட வரைந்த படத்தில் இம்மூன்றும் ஒன்றாகவே தோன்றுதலால் விளையும் பிழைகள் பல.

முதியவர் ஆணி முனையிற் கண்டது பலகையின் ஈர்ப்பு மையம். அது ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் அப்பக்கத்துக்குரிய குத்துயரத்தின் மூன்றிலொரு பங்கு தூரத்தில் இருக்கும். 14 அங்குலப் பக்கத்திற்கு அது 12 இன் மூன்றிலொன்று, அஃதாவது சரியாக 4. இதுவே அவரை ஏமாற்றியது. 15 அங்குலப் பக்கத்திற்குரிய குத்துயரமோ 168 ÷ 15 = 11.2; அதன் மூன்றிலொன்று ஏறக்குறைய 3.73. வட்டம் 0.27 அங்குலம் வெளியே சென்றமை இதனாலேயே. ஒரு பக்கத்திற் சரிபார்த்தல் போதாது. மூன்றிலும் பார்த்தல் வேண்டும்.

"வேறெங்காவது மையத்தை வைத்தால் இதனிலும் பெரிய வட்டம் வாராதோ?" என்று அவர் மேலும் கேட்டார். நல்ல வினா, பாடநூல்கள் பெரும்பாலும் இதனைத் தொடாமலே செல்கின்றன. முக்கோணியினுள் யாதாயினும் ஒரு புள்ளியை மையமாகக் கொள்க. அங்கிருந்தும் மூன்று சிறு முக்கோணிகள் உண்டாகும். அவற்றின் பரப்புகளின் கூட்டுத்தொகை முன்போலவே 84. வட்டம் வெளியே செல்லாதாயின், மூன்று குத்துயரங்களுள் ஒன்றேனும் வட்டத்தின் ஆரையிலும் குறைந்திருத்தல் இயலாது. ஆதலால் ஆரையை அரைச் சுற்றளவாற் பெருக்க வருவது 84 ஐ விஞ்ச முடியாது. ஆரை 4 இலும் கூடாது. முதலில் ஆரையைத் தந்த அதே கணக்கு, அதுவே உச்ச அளவு என்பதையும் காட்டிவிடுகின்றது.

செங்குத்தை அளக்க இயலாதவிடத்து, பக்கங்களிலிருந்தே பரப்பைக் காண ஈரோன் சூத்திரம் உதவும். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஈரோன், தமது "மெத்திரிக்கா" என்னும் நூலில் அச்சூத்திரத்தை நிறுவும்போது, உள்வட்டத்தை வரைந்து, பரப்பு ஆரையினதும் அரைச் சுற்றளவினதும் பெருக்கம் என்பதிலேயே தொடங்குகின்றார். நாம் இக்காலத்தில் அவருடைய சூத்திரத்தை முதலிற் படித்து ஆரையைப் பின்னர் காண்கின்றோம். அவர் வந்த வழி எதிர்த்திசையானது. அதன்படி, அரைச் சுற்றளவிலிருந்து மூன்று பக்கங்களையும் தனித்தனியே கழித்து வரும் மூன்று எண்களையும் பெருக்கி, அரைச் சுற்றளவால் வகுத்தால், ஆரையின் வர்க்கம் கிடைக்கும். நமது பலகைக்கு 8 × 7 × 6 ÷ 21 = 16.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. தட்டையான முக்கோணிகளில் அளவைப் பிழை பெருகிவிடும். 10, 10, 19.8 அங்குலப் பக்கங்களுடைய துண்டுக்கு ஆரை 0.70 அங்குலம். நீண்ட பக்கத்தை 19.9 எனத் தவறாக அளந்திருந்தால் 0.50 என வரும். பத்திலொரு அங்குலப் பிழை ஆரையின் நான்கிலொரு பங்குக்கும் மேலானதை விழுங்கிவிட்டது. 13, 14, 15 இல் 15 ஐ 15.1 என அளந்தாலோ ஆரை 4.005 ஆகுமேயன்றி வேறில்லை. கழித்து வரும் மூன்று எண்களுள் ஒன்று மிகச் சிறியதாயின், பக்கங்களை நம்பாது குத்துயரத்தை நேரே அளந்து பரப்பைக் காண்பதே நன்று. அவ்வெண் பூச்சியமாகவோ அதனிலும் குறைந்தோ வந்தால் அத்தகைய முக்கோணியே இல்லை.

சூத்திரத்தை முக்கோணியின் எல்லைக்கு அப்பாலும் கொண்டுசெல்லலாம். ஆயின் எல்லாப் பக்கங்களையும் தொடும் வட்டம் அவ்வுருவினுள் இருத்தல் வேண்டும். 3 இற்கு 5 ஆன செவ்வகத்துக்குப் பரப்பை அரைச் சுற்றளவால் வகுத்தால் 15 ÷ 8, அஃதாவது 1.875 வரும். அகலம் 3 ஆன உருவினுள் 1.5 இலும் கூடிய ஆரை எங்ஙனம் அமையும்? நான்கு கோண இருகூறாக்கிகளும் அங்கே ஒரு புள்ளியிற் சந்திப்பதில்லை. முக்கோணிக்கு இவ்வையம் ஒருபொழுதும் எழாது.

முதியவர் தமது பழைய கோடுகளைச் சீவித் துடைத்து, 6 அங்குலத்திற் குறியிட்டு, மூலைமட்டம் வைத்து, வட்டத்தை மீண்டும் வரைந்தார். மூன்று பக்கங்களையும் தொட்டது. வாள் வட்டக்கோட்டின் வெளிப்புறத்தே செல்ல வேண்டுமாதலால், தொடுபுள்ளிகள் மூன்றிலும் மரம் மிஞ்சாது என்பதை நான் சொல்லுமுன்னரே அவர் அறிந்திருந்தார்.