அழித்தது ஒரு சொல், காணாமல் போனது இரண்டு

பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி படிப்பவர்களுக்குத் தவறாமல் வரும் ஒப்படைப்பு ஒன்று உண்டு: ‘ஹேஷ் அட்டவணையைக் கொண்டு ஓர் அகராதியை உருவாக்குக.’ சொல்லைச் சேர்க்க வேண்டும், பொருளைத் தேட வேண்டும், வேண்டாத சொல்லை நீக்க வேண்டும். மார்சிலிங்கில் எங்கள் புளோக்கில் வசிக்கும் மாணவர் ஒருவர் அண்மையில் இதே ஒப்படைப்புடன் வந்தார். சேர்ப்பதும் தேடுவதும் சரியாக நடந்தன. ஆனால் ‘நகரம்’ என்ற சொல்லை நீக்கியதும், அவர் தொடவே தொடாத ‘நரகம்’ என்ற சொல்லையும் காணவில்லை. அது ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அட்டவணையின் அடிப்படை. உங்கள் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் அஞ்சல் பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். கடிதம் கொண்டு வருபவர் ஒவ்வொரு பெட்டியாகத் தேடுவதில்லை. உறையில் உள்ள வீட்டு எண்ணைப் பார்த்து நேராக அந்தப் பெட்டிக்குப் போகிறார். ஹேஷ் அட்டவணையும் அப்படித்தான். ஆனால் சொற்களுக்கு வீட்டு எண் கிடையாது. சொல்லிலிருந்தே நாம் ஓர் எண்ணைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்குக்குப் பெயர் ஹேஷ் சார்பு.

மாணவர் எழுதியிருந்த சார்பு எளிமையானது. யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஓர் எண் உண்டு. ந 2984, க 2965, ர 2992, ம 2990, மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி 3021. இவற்றைக் கூட்டி, பெட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியை எடுத்துக்கொண்டால் பெட்டி எண் கிடைத்துவிடும். அவர் வைத்திருந்தவை 0 முதல் 10 வரை 11 பெட்டிகள்.

```
def idam(sol):
    return sum(ord(e) for e in sol) % 11
```

‘நகரம்’ என்ற சொல்லுக்குக் கூட்டுத்தொகை 14952, மீதி 3. ‘நரகம்’ என்ற சொல்லிலும் அதே எழுத்துகள்தாம், வரிசை மட்டுமே வேறு. ஆகவே அதற்கும் 3. இதுபோல் ‘கதவு’, தகுதி என்று பொருள்படும் ‘தகவு’ இரண்டுக்கும் மீதி 5. இரண்டு சொற்கள் ஒரே பெட்டியைக் கேட்பதைத்தான் மோதல் என்கிறோம்.

மோதலைத் தீர்க்க இரு பழைய வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பட்டியலைத் தொங்கவிடும் சங்கிலி முறை. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் எழுதிய உள்குறிப்பில் இந்த எண்ணம் காணப்படுகிறது. மற்றொன்று, பெட்டி நிறைந்திருந்தால் அடுத்த பெட்டி, அதுவும் நிறைந்திருந்தால் அதற்கடுத்தது என்று நகர்ந்து செல்லும் முறை. 1954-இல் அதே ஐபிஎம்மில் ஜீன் ஆம்டால், எலேன் மெக்ரா, ஆர்தர் சாமுவேல் ஆகியோர் இதைப் பயன்படுத்தினர். மாணவர் தேர்ந்தெடுத்தது இந்த இரண்டாவது முறை.

நான்கு சொற்களையும் வரிசையாகச் சேர்ப்போம். ‘நகரம்’ 3-இல் அமர்கிறது. ‘நரகம்’ 3-ஐக் கேட்டு, இடமில்லாமல் 4-க்கு நகர்கிறது. ‘கதவு’ 5-இல். ‘தகவு’ 5-ஐக் கேட்டு 6-க்கு நகர்கிறது. தேடுவதும் அதே பாதையில்தான்:

```
def thedu(sol):
    i = idam(sol)
    while attai[i] is not None:
        if attai[i][0] == sol:
            return attai[i][1]
        i = (i + 1) % 11
    return None
```

காலிப் பெட்டியைக் கண்டால் தேடல் நின்றுவிடுகிறது. சொல் இருந்திருந்தால் இந்தப் பெட்டியிலேயே அமர்ந்திருக்கும், காலியாக இருப்பதால் சொல் அகராதியில் இல்லை என்பது அதன் வாதம். எதையும் நீக்காதவரை இந்த வாதம் சரி.

இப்போது ‘நகரம்’ நீக்கப்பட்டு, 3-ஆம் பெட்டி காலியாகிறது. அடுத்து ‘நரகம்’ தேடப்படுகிறது. தேடல் 3-இல் தொடங்குகிறது, காலி என்று பார்க்கிறது, ‘சொல் இல்லை’ என்று திரும்பிவிடுகிறது. சொல் 4-ஆம் பெட்டியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதற்குச் செல்லும் பாதைதான் அறுந்துவிட்டது. ‘கதவு’, ‘தகவு’ இரண்டும் வழக்கம்போல் கிடைப்பதால் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது.

‘என் ஹேஷ் சார்பு மோசம், அதை மாற்றினால் சரியாகிவிடும்’ என்றார் மாணவர். சார்பு மோசம்தான். எழுத்துகளின் வரிசையையும் கணக்கில் கொள்ளும் சார்பு நல்லது. ஜாவா மொழியின் சரங்களில் உள்ளதுபோல் ஒவ்வொரு படியிலும் 31-ஆல் பெருக்கலாம்:

```
h = 0
for e in sol:
    h = (h * 31 + ord(e)) % 11
```

இப்போது ‘நகரம்’ 0, ‘நரகம்’ 6, ‘கதவு’ 10. நன்றாகப் பிரிந்துவிட்டன. ஆனால் ‘தகவு’? அதுவும் 6! ‘நரகம்’ என்ற சொல்லுடன் மோதி 7-க்கு நகர்கிறது. இனி ‘நரகம்’ நீக்கப்பட்டால் ‘தகவு’ காணாமல் போகும். பிழை தீரவில்லை, இடம்தான் மாறியது. பெட்டிகளைவிட இருக்கக்கூடிய சொற்கள் மிக அதிகம் என்பதால், எந்தச் சார்பாலும் மோதலை அடியோடு ஒழிக்க முடியாது.

சரியான தீர்வு நீக்கும் விதத்தில் இருக்கிறது. பெட்டியைக் காலியாக்காமல், ‘இங்கே ஒரு சொல் இருந்தது’ என்று ஓர் அடையாளத்தை வையுங்கள். கணினியாளர்கள் இதைக் கல்லறைக் கல் என்பார்கள். நம் நிரலில் `attai[i] = ("", "")` என்ற ஒரு வரி போதும். பெட்டி காலி இல்லை என்பதால் தேடல் நிற்காது. எந்தச் சொல்லுடனும் பொருந்தாது என்பதால் தாண்டிச் செல்லும். பைதான் மொழியின் சொந்த அகராதியும் நீக்கிய இடத்தில் இப்படி ஒரு போலிக் குறியை வைக்கிறது.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. பழைய சார்புக்கே திரும்புவோம். ‘நகரம்’ இருந்த 3-இல் கல்லறைக் கல் இருக்கிறது. ‘நரகம்’ என்ற சொல்லுக்குப் புதிய பொருள் எழுத வருகிறீர்கள். கல்லைக் கண்டதும் அங்கேயே எழுதிவிட்டால், பழைய பதிவு 4-இல் அப்படியே இருக்கும். பிறகு ‘நரகம்’ நீக்கப்பட்டால் 3-இல் உள்ளதுதான் போகும். அடுத்த தேடலில் பழைய பொருள் உயிர்பெற்று வரும். ஆகவே முதலில் காலிப் பெட்டி வரை தேடிப் பாருங்கள். சொல் எங்குமே இல்லை என்று உறுதியான பிறகே, வழியில் கண்ட முதல் கல்லின் இடத்தில் எழுதுங்கள்.

கற்கள் இடத்தையும் அடைக்கின்றன. டோனல்ட் நூத் 1963-இல் செய்த கணக்கின்படி, இந்த முறையில் பெரிய அட்டவணை பாதி நிறைந்திருந்தால், இல்லாத சொல்லைத் தேடச் சராசரியாக 2.5 பெட்டிகளைப் பார்த்தால் போதும். பத்தில் ஒன்பது பங்கு நிறைந்திருந்தால் அது சுமார் 50 ஆகிறது. இதில் கல்லறைக் கற்களையும் நிறைந்த பெட்டிகளாகவே எண்ண வேண்டும். காலிப் பெட்டி ஒன்றுகூட இல்லையென்றால் மேலே உள்ள `while` நிற்கவே நிற்காது. அதனால், கற்களையும் சேர்த்து ஏறத்தாழப் பாதி நிறைந்ததும், பெரிய அட்டவணை ஒன்றை அமைத்து, உயிருள்ள சொற்களை மட்டும் புதிதாகச் சேர்த்துவிடுங்கள்.

சங்கிலி முறையில் இந்தத் தொல்லை இல்லை. பட்டியலிலிருந்து ஒரு கண்ணியைக் கழற்றினால் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு கண்ணிக்கும் கூடுதல் நினைவகம் வேண்டும்.

உங்கள் நிரலைச் சோதிக்க நூறு சொற்கள் தேவையில்லை. ஒரே பெட்டி எண் தரும் இரு சொற்களைச் சேர்த்து, முதலில் சேர்த்ததை நீக்கி, இரண்டாவதைத் தேடுங்கள். கிடைத்தால், அதற்குப் புதிய பொருள் எழுதி, அதையும் நீக்கி, மறுபடி தேடுங்கள். இம்முறை கிடைக்கக்கூடாது. மாணவரின் நிரல் இந்த இரு சோதனைகளிலும் தேறிய பிறகுதான் ஒப்படைப்பு கல்லூரிக்குப் போனது.