இரண்டு மானிட்டர், ஒரு மடிக்கணினி: மெய்யெழுத்தின் புள்ளி மறையாமல் காட்ட

திருவாலங்காட்டுப் பிள்ளைகளுக்குச் சோழர் பாடம் நடத்தும்போது திருவாலங்காடு செப்பேடுகளின் படத்தைத் திரையில் காட்டுவேன். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தவை. மொத்தம் 31 ஏடுகள். படத்தின் கீழே இன்றைய எழுத்தில் குறிப்பு இருக்கும். அதைத்தான் பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள். திரை மங்கலாக இருந்தால் முதலில் காணாமற்போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'செப்பேடு' கடைசி பெஞ்சுக்குப் போகும்போது 'செபபேடு' ஆகிவிடும்.

வகுப்பறை நீளமானது என்பதால் கரும்பலகை அருகே ஒன்றும், பக்கச் சுவரின் நடுவே ஒன்றுமாக இரண்டு மானிட்டர்கள் வைத்திருக்கிறேன். இரண்டுமே 1920 × 1080 புள்ளிகள் கொண்டவை. மடிக்கணினியின் திரையோ 1366 × 768. முதல் மானிட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிளிலும் இரண்டாவது வி.ஜி.ஏ. கேபிளிலும் இணைந்துள்ளன.

விண்டோஸ் விசையுடன் P அழுத்தினால் வருபவற்றில் Duplicate, Extend ஆகிய இரண்டும்தான் நமக்கு வேண்டியவை. எல்லோருக்கும் ஒரே படம் வேண்டும் என்பதால் நம்மில் பலரும் Duplicate-ஐத் தேர்ந்தெடுப்போம். மங்கல் தொடங்குவது அங்கேதான். ஒரே படத்தை மூன்று திரைக்கும் அனுப்பும்போது, மூன்றிலும் சிறியதான மடிக்கணினித் திரைக்கு ஏற்ற அளவே எல்லாவற்றுக்கும் போகும். 1366 புள்ளியில் வந்த படத்தை மானிட்டர் 1920 புள்ளியில் நிரப்ப வேண்டும். ஒரு புள்ளிக்குச் சுமார் 1.4 புள்ளி இடம். அரைகுறைப் புள்ளி என்று ஒன்று கிடையாது; ஆகவே மானிட்டர் பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலந்து ஒப்பேற்றுகிறது. எழுத்தின் ஓரம் கரைவது இதனால்தான்.

எனவே Extend தேர்ந்தெடுங்கள். பிறகு டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து Display settings திறந்து, Identify அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் அதன் எண் தெரியும். மடிக்கணினி 1, மானிட்டர்கள் 2, 3 என்று வைத்துக்கொள்வோம். 2-ஆம் எண்ணைத் தொட்டு, பட்டியலில் Duplicate desktop on 2 and 3 என்பதைத் தேர்ந்தெடுத்தால் வகுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே படம். மடிக்கணினி மட்டும் தனி. Display resolution-இல் Recommended என்று குறித்த 1920 × 1080-ஐ வையுங்கள். ஆசிரியருக்கு இன்னொரு வசதியும் உண்டு: மதிப்பெண் பட்டியல் மடிக்கணினியில் திறந்திருந்தாலும் வகுப்புக்குத் தெரியாது.

சில பழைய மடிக்கணினிகள் மொத்தமே இரண்டு திரைகளைத்தான் இயக்கும். மூன்றாவதை இணைத்ததும் அதன் சொந்தத் திரை அணைந்துவிடும், அல்லது மூன்றாவது எழும்பாது. அப்படியானால் எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் ஒன்று போதும். ஒரு துளையிலிருந்து இரண்டு மானிட்டருக்கும் ஒரே படத்தைக் கொடுக்கும்; மடிக்கணினி அவற்றை ஒரே திரையாக எண்ணிக்கொள்ளும். இரண்டிலும் வெவ்வேறு படம் வேண்டும் என்றால் ஸ்பிளிட்டர் உதவாது. கடையில் கேட்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் 1920 × 1080 பட்டியலிலேயே வராமல், 1024 × 768 மட்டும் தெரியலாம். பெயின்ட்டில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஒரு வட்டம் வரைந்து மானிட்டரில் பாருங்கள். கோழிமுட்டை போலக் கிடையாக நீண்டிருந்தால், 4:3 வடிவப் படத்தை அகலத் திரைக்கு இழுத்து ஒட்டியிருக்கிறது என்று பொருள். காரணம் பெரும்பாலும் வி.ஜி.ஏ. கேபிள். மானிட்டர் தன் அளவை மடிக்கணினிக்குச் சொல்வது 12, 15-ஆம் ஊசிகள் வழியாக. மலிவான கேபிளில் இவை இல்லாமலிருக்கும். நல்ல கேபிளிலும் வளைந்திருக்கலாம். செய்தி வராவிட்டால் கணினி பாதுகாப்பான சிறிய அளவோடு நின்றுவிடும். 2, 3 இரண்டும் ஒரே படத்தைப் பகிர்வதால், ஒரு கேபிளின் குறை நல்ல மானிட்டரையும் கீழே இழுக்கும். சந்தேகமிருந்தால் கேபிளைக் கழற்றி, கீழ்வரிசை ஊசிகளை எண்ணுங்கள். ஐந்து இருக்க வேண்டும். மாற்றுக் கேபிளைப் போட்டதும் அளவு பட்டியலில் வந்துவிட்டால் குறை அதில்தான்.

அளவு சரியாகியும் வி.ஜி.ஏ. திரையில் மட்டும் எழுத்துக்குப் பின்னே நிழல் தெரிந்தால், வெள்ளைப் பின்னணியில் நிறைய எழுத்துள்ள பக்கத்தைத் திறந்துவைத்து மானிட்டரில் உள்ள AUTO பொத்தானை அழுத்துங்கள். வெற்றுத் திரையில் அழுத்தினால் அதற்குப் படத்தின் ஓரம் பிடிபடாது.

எல்லாம் தெளிவாக இருந்து ஒரே ஒரு பழைய மென்பொருள் மட்டும் மங்கினால் கேபிளைக் குறைசொல்ல வேண்டாம். மடிக்கணினியில் Scale 100%, மானிட்டரில் 125% என்றிருந்தால் இப்படி ஆகும். இரண்டிலும் 100% வைத்து அந்த மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள். கடைசி பெஞ்சுக்கு எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் பலரும் ரெசல்யூஷனைக் குறைப்பார்கள். அப்போது மங்கல் திரும்பிவிடும். எழுத்தின் அளவை ஸ்லைடிலேயே கூட்டுங்கள். அல்லது கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டுங்கள்.