எரிந்த கருவி சொல்லும் சான்று

நுழையும்முன்

பட்டாசு ஆலையில் விபத்து நேர்ந்தால் சிவகாசி வட்டார மக்கள் ஒரு நடைமுறையைக் காண்பர். காயமுற்றோரை மீட்பதற்கும் இறந்தோரின் உடல்களை எடுப்பதற்கும் அன்றி இடிபாடுகளை அப்புறப்படுத்தக் கூடாது. வெடிபொருள் துறை அலுவலர் வந்து பார்வையிடும்வரை விபத்து நிகழ்ந்த இடம் இருந்தவாறே இருத்தல் வேண்டும். எங்கிருந்து தீ தொடங்கியது என்பதைச் சிதறல்களே சொல்லும் என்பது இதன் அடிப்படை. இதே முறை வீட்டுக் கருவி ஒன்று எரிந்துபோகும்போதும் பொருந்தும். அவ்வாறு காக்கப்பட்ட சான்றைக்கொண்டு உற்பத்தியாளருக்கு முறையீட்டு மடல் எழுதுவது எப்படி என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நிகழ்வு

காட்டாக ஒரு நிகழ்வைக் கொள்வோம். சிவகாசியில் ஒரு வீட்டுக் குளியலறையில் 15 லிட்டர் வெந்நீர்க் கலன் (கீசர்) பொருத்தப்பட்டுள்ளது. வாங்கிப் பதினேழு மாதங்கள் ஆகின்றன. ஒருநாள் காலை ஆறு மணியளவில் நெகிழி கருகும் நாற்றம் வீட்டில் பரவுகிறது. வீட்டின் தலைவி முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்கிறார். கலனின் கீழ்மூடி உருகித் தொங்குகிறது. நெகிழிக் கதவின் மேற்பகுதி கருகியிருக்கிறது. சுவரும் மேற்கூரையும் புகைபடிந்துள்ளன. எவருக்கும் காயமில்லை.

மறுநாள் நிறுவனத்தின் பழுதுநீக்குநர் வருகிறார். “வீட்டு வயரிங்கில்தான் கோளாறு. கலனைக் கழற்றிக் கொண்டுபோகிறோம்” என்கிறார். முறையீட்டின் வெற்றியும் தோல்வியும் முடிவாவது இந்த இடத்தில்தான். கலன் வீட்டைவிட்டுச் சென்றுவிட்டால், காரணத்தைச் சொல்லக்கூடிய ஒரே சான்றும் அதனுடன் சென்றுவிடும்.

வெப்பம் பிறந்த இடம்

“கருவியில் கோளாறு என்றால் எம்.சி.பி. ஏன் விழவில்லை?” என்பது வழக்கமாக எழும் வினா. இதற்கு விடை அறிந்திருத்தல் வேண்டும்.

2000 வாட் கலன் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். கலனுக்குள் வயரை இறுக்கிப் பிடிக்கும் முனையம் தளர்ந்திருந்தால், அவ்விடத்தில் சிறு மின்தடை உண்டாகும். அது 0.2 ஓம் என்றால், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கக் கிடைப்பது ஏறத்தாழ 15 வாட். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சிறு கருவியின் வெப்பம், அரிசிமணி அளவுள்ள இடத்தில் நாள்தோறும் சேர்கிறது. மின்னோட்டமோ 8.7 ஆம்பியரைத் தாண்டவில்லை. ஆகவே 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. மின்கசிவு இல்லாமையால் கசிவுத் துண்டிப்பானும் செயற்படாது. கலனிலுள்ள வெப்பத் துண்டிப்பான் தொட்டியின் வெப்பத்தை உணர்வதேயன்றி, முனையத்தின் வெப்பத்தை உணர்வதில்லை. பாதுகாப்புக் கருவிகள் பழுதின்றி இருந்தும் தீ பிறப்பதற்குக் காரணம் இதுவே.

எரிந்த தடமும் இதைக் காட்டும். சுவர்ச் சாக்கெட்டும் பிளக்கின் ஊசிகளும் நிறம் மாறாதிருந்து, கலனுக்குள் முனையத்தைச் சுற்றி மட்டும் செம்பு கறுத்து, நெகிழி உருகியிருந்தால், வெப்பம் கருவியின் உள்ளே தொடங்கியது எனக் கருத இடமுண்டு. சாக்கெட்டே கருகியிருந்தால் வயரிங்கையோ பொருத்துதலையோ ஐயுறுதல் தகும். வெளியார் எவரேனும் முன்பு கலனைத் திறந்து பழுதுபார்த்திருந்தால், அதனை நிறுவனம் மறுப்பாக எடுத்துரைக்கக்கூடும். எனவே இறுதி முடிவு ஆய்வினாலேயே பெறத்தக்கது.

ஆதலால் கலனைத் திறக்காமல், துடைக்காமல் வைத்தல் வேண்டும். கழற்றுமுன் கலன், சாக்கெட், எம்.சி.பி. ஆகியவற்றை அருகிலிருந்தும் தொலைவிலிருந்தும் படமெடுத்தல் வேண்டும். வரிசை எண்ணையும், ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் உள்ள சி.எம்./எல். எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் வீட்டு வயரிங் குறித்த எழுத்துவழி அறிக்கை பெறுவதும் நலம்.

முறையீட்டு மடல்

மடலில், கண்டவற்றையும் கருதுவனவற்றையும் கலத்தல் கூடாது. ‘உங்கள் தரமற்ற கலன் வெடித்தது’ என்பது தீர்ப்பு. ‘கீழ்மூடி உருகியிருந்தது’ என்பது சான்று.

அனுப்புநர்
அ.ஆ.இ.,
…… தெரு, சிவகாசி.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
…… நிறுவனம்.

பொருள்: வெந்நீர்க் கலன் மிகைவெப்பமுற்று வீடு சேதமடைந்தமை – கூட்டாய்வும் இழப்பீடும் வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 05.06.2023 அன்று தங்கள் நிறுவனத்தின் 15 லிட்டர் கலனை (வரிசை எண் ……) வாங்கினேன். தங்கள் பணியாளரே அதனைப் பொருத்தினார். அதன்பின் எவரும் திறக்கவில்லை. 09.11.2024 காலை 6.10 மணிக்குக் கருகும் நாற்றம் எழுந்தது. மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தபோது கலனின் கீழ்மூடி உருகியிருந்தது. எம்.சி.பி. விழவில்லை. சாக்கெட்டிலும் பிளக்கிலும் கருகல் இல்லை என மின்பணியாளர் சான்றளித்துள்ளார்.

எனது வேண்டுகோள்கள்:

1. பதினைந்து நாள்களுக்குள், என் முன்னிலையில் கலனை ஆய்வு செய்து, அறிக்கையின் படியை அளிக்க வேண்டும். கலனை எடுத்துச் செல்ல நேரின், வரிசை எண்ணும் நிலையும் குறித்த ஒப்புகைச் சீட்டுடன், முத்திரையிட்டே தருவேன்.

2. கலனின் விலை ரூ.8,400ஐத் திருப்பித் தர வேண்டும்.

3. வீட்டுச் சேதத்திற்கு ரூ.19,600 (கதவு 6,500, மின்வேலை 5,200, வண்ணப்பூச்சு 7,900) இழப்பீடு வழங்க வேண்டும்.

உரிய விடை கிடைக்காவிடில் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன் எனத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இணைப்பு: விலைச்சீட்டு, படங்கள், மின்பணியாளர் அறிக்கை, மதிப்பீட்டுச் சீட்டுகள் – படிகள்.

சிவகாசி,
14.11.2024.

இங்ஙனம்,
அ.ஆ.இ.

விலையும் இழப்பீடும் தனித்தனியே கேட்கப்பட்டமை நோக்கத்தக்கது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பழுதுள்ள பொருளால் பிற உடைமைக்கும் உடலுக்கும் நேரும் தீங்கினை உற்பத்தியாளரின் பொறுப்பாக்குகிறது. அப்பொருளுக்கே நேர்ந்த சேதம் இந்தப் பொறுப்பில் அடங்காது. அதன் விலையைக் ‘குறையுடைய பொருள்’ என்னும் வேறு வழியில் கோர வேண்டும்.

விடை வராதபோது

நிறுவனம் வாளாவிருப்பின் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன்பின்னும் தீராவிடில், வாங்குநர் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்கிடலாம். நிறுவனம் இருக்கும் ஊருக்குச் செல்ல வேண்டுவதில்லை. விருதுநகர் மாவட்ட ஆணையம் திருவில்லிபுத்தூரில் உள்ளது. செலுத்திய விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது கட்டணமில்லை. வழக்கிற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடல் வேண்டும். ஆய்வின்றிக் குறையை அறிய இயலாது எனில், ஆணையம் பொருளை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெறும். கலன் திறக்கப்படாமல் காக்கப்பட்டதன் பயன் அப்போது புலப்படும்.

தெரிந்து தெளிவோம்

2017 ஜூன் 14 அன்று இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் பற்றிய தீயில் 72 பேர் உயிரிழந்தனர். நான்காம் தளத்து வீடொன்றின் குளிர்பதனப் பெட்டியில் ஏற்பட்ட மின்கோளாறே தொடக்கம் என்றும், அவ்வீட்டில் வாழ்ந்தவர்மீது குற்றமில்லை என்றும் 2019இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது.

மதிப்பீடு

1. கலனின் முனையம் உருகியும் எம்.சி.பி. விழாமைக்குக் காரணம் தருக.
2. ‘தீர்ப்பு’, ‘சான்று’ – மடலில் இவற்றை எவ்வாறு வேறுபடுத்துவாய்? இரண்டு தொடர்கள் எழுதி விளக்குக.
3. மின்சலவைப் பெட்டி மிகைவெப்பமுற்று மேசையும் துணிகளும் கருகியதாகக் கொண்டு, உற்பத்தியாளருக்கு முறையீட்டு மடல் வரைக.